உயிருள்ள விரிசல்

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் பாக்கியவதியை மேஸ்திரி என்று யாரும் கூப்பிட்டதில்லை. பெங்களூரில் கூப்பிடுவார்கள். ஒயிட்ஃபீல்டிலும் இந்திராநகரிலும் புதிதாக ஒரு காபிக்கடையோ பணக்கார வீடோ எழும்பி, அங்கே சுண்ணாம்புச் சுவர் வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், 'பாக்யா மேஸ்திரிக்குப் போன் போடு' என்பதுதான் முதல் பேச்சு. அவளுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தார்கள். அதில் இரண்டு பேர் மீசை வைத்த ஆண்கள். ஆனால் சாயங்கால ரயிலில் இருந்து இறங்கி, டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தாளோ இல்லையோ, அவள் சித்தாளாகிவிடுவாள். பூச்சுக் கரணை பிடிப்பது பொம்பளைக் கையாக இருந்தால் இந்த ஊருக்குக் கண் மங்கிப்போய்விடுகிறது.

அந்த மங்கல் பார்வைக்காரர்களில் முதல் ஆள் அவளுடைய மாமனார் துரை. சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுத்து நிறுத்துவதுதான் அவர் வேலை. சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் அவர் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பார், அடுத்து சுவரைப் பார்ப்பார், அப்புறம்தான் மனுஷர்களைப் பார்ப்பார். பாபு டீக்கடையில் யாராவது மருமகளைப் பற்றி விசாரித்தால், "அதுவா? பெங்களூருக்கு சித்தாள் வேலைக்குப் போவுது" என்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த சொல் அவ்வளவுதான். பாக்கியவதிக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். கெட்ட எண்ணத்தோடு சொன்னால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமே.

அதனால்தான் ஏகநாதன் ஸ்டுடியோவின் பின்சுவர் வேலை வந்தபோது அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் கண்ணெதிரே, அவள் கைபட்ட முதல் சுவர்.

ஏகநாதன் கடைத்தெருவில் படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடையும், அதை ஒட்டி ஒரு போட்டோ ஸ்டுடியோவும் வைத்திருந்தார். ஸ்டுடியோவை இப்போது நடத்துவது மகள் ரூபா. கல்யாண ஜோடியைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிற்கவைத்துப் படமெடுத்து, பின்னால் கம்ப்யூட்டரில் ஒரு அரண்மனையையோ பனிமலையையோ ஒட்டித் தருவதுதான் அதுவரை வழக்கம். ஆவணிக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்த பவ்யா என்ற பெண், அக்காவின் ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரூபாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள்: "அக்கா, எங்க அக்காவும் மாமாவும் காலண்டர்ல வெட்டி ஒட்டின மாதிரி கீறாங்க. எனக்கு நெஜமான சுவத்துக்கு முன்னாடி வேணும். ப்ளீஸ்."

ரூபாவுக்கும் அந்தச் சலிப்பு இருந்தது. பெயிண்ட் அடித்த சுவர் எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தாலும் ஒரே முகமாக இருக்கிறது. அச்சடித்த பேனர் அதைவிட மோசம். பெங்களூரில் ஒரு காபிக்கடையில் பாக்கியவதியின் சுவரை அவள் பார்த்திருந்தாள். ஒரு இடம் தயிர் மாதிரி வெளுப்பு, ஒரு இடம் லேசான பழுப்பு, நடுவில் கரணை போன வளைவுகள், மயிரிழை மாதிரி விரிசல்கள். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அழகாகத் தெரிந்தார்கள்.

ஆடி மாதம் பிறந்ததும் ஸ்டுடியோவுக்கு வேலை இல்லை. கல்யாணம் இல்லாத மாதம். பாக்கியவதி தன் ஆட்களோடு இறங்கினாள்.

பழைய பெயிண்டையும் சிமெண்ட் பூச்சையும் கொத்தி எடுத்தார்கள். உள்ளே பழைய காலத்துச் செங்கல். நடுவில் மட்டும் ஒரு ஆள் உயரத்துக்குச் சிமெண்ட் பிளாக். "தம்பி கூட பாகம் பிரிச்சப்போ அங்க இருந்த கதவ அடைச்சிட்டோம்மா" என்றார் ஏகநாதன். பாக்கியவதி தலையாட்டினாள். பிளாக்கின் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, சுண்ணாம்புக் கரைசல் அடித்து, மேலே போகச் சொன்னாள். பெங்களூரில் தினம் பிளாக் சுவருக்குத்தான் பூசுகிறாள். அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஏகநாதன் வண்டியோடு மணல் கொண்டுவர ஆள் பார்த்தார். தங்கம் பிரித்து மிஞ்சிய கழிவு மண் பக்கத்திலேயே மலையாகக் கிடக்கும் சயனைடு மேட்டிலிருந்து இனாமாக அள்ளிவரலாமாம். "அந்த மண்ணு சுவத்துக்கும் ஆவாது, மனுசனுக்கும் ஆவாது. நீங்க சும்மா இருங்கண்ணா" என்று பாக்கியவதி போட்ட போட்டில் அவர் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. நல்ல மணல், மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர். முதல் பூச்சு காய்ந்து இறுகியதும் இரண்டாவது. கடைசியில் சுண்ணாம்பு வெண்ணெயோடு பளிங்குப் பொடி கலந்த மெல்லிய பூச்சு. வெயில் நேராகப் படாமல் ஜன்னலில் ஈரச் சாக்கு. பூச்சு தோல் மாதிரி இறுகும் சமயம் பார்த்து கரணையால் அழுத்தித் தேய்த்தாள். அந்தச் சமயம்தான் முக்கியம். முன்னால் தேய்த்தால் குழையும், பின்னால் தேய்த்தால் கீறும். அழுத்தி இழுத்த இடம் ஒரு நிறம், மெதுவாக விட்ட இடம் ஒரு நிறம் என்று சுவர் தானாகவே மேடு பள்ளம் காட்டத் தொடங்கியது.

காயக் காய நிறம் வெளுத்தது. கூடவே விரிசலும் வந்தது. அவள் எதிர்பார்த்த விரிசல்தான். சுண்ணாம்பு கூடுதலாக உள்ள மேல்பூச்சு காயும்போது சுருங்கும். சுருங்கினால் நரம்பு மாதிரி விரிசல் ஓடும். ஓடினதைத் தண்ணீர் தெளித்துக் கரணையால் அழுத்தினால் முனை மழுங்கி, நகம் வைத்தால் தடுக்காமல், பார்க்க மட்டும் இருக்கும். பிறகு ஈரம் பட்டு ஈரம் காய்ந்து, கரைந்த சுண்ணாம்பே உள்ளே போய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொள்ளும். ரூபா அதைப் பார்த்து கை தட்டாத குறை.

ஊர் கை தட்டவில்லை. ஸ்டுடியோ கதவு திறந்திருந்ததா, போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்தானா, சாயங்காலத்துக்குள் கதை பாபு டீக்கடைக்குப் போய்விட்டது. "சித்தாளை வச்சிப் பூசினா இப்பிடித்தான் ஆவும். ஈரமே காயல, அதுக்குள்ள விட்டுடுச்சி." ஏகநாதனுக்கு முகம் செத்துப்போனது. விரிசல் விட்ட சுவருக்கு முன்னால் புதுப்பெண்ணை நிறுத்தலாமா, அபசகுனம் என்பார்களே என்று ஆரம்பித்தவர், பட்டி அடித்து விரிசலை மூடி எமல்ஷன் பெயிண்ட் பூசிவிடலாம் என்பதில் வந்து நின்றார்.

"பூசுங்கண்ணா. நல்லா மழமழன்னு பூசுங்க. அப்புறம் உங்க பொண்ணு மறுபடி பனிமலை ஒட்டட்டும்" என்றாள் பாக்கியவதி.

மறுநாள் துரையே வந்துவிட்டார். கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவரையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாம்மா பாக்கியம் இது?"

"விரிசல் மாமா. வரணும்னுதான் வந்துக்குது."

"விரிசல் வரணும்னு எவன்மா சுவர் பூசுவான்? சுரங்கத்துல பாறை வெடிச்சி ஏர் பிளாஸ்ட் அடிச்சப்போ எங்க லைன் வீடெல்லாம் இப்பிடித்தான் கோடு ஓடும். கோட்ட பாத்துட்டு தூங்கினவன் எவனும் இல்ல."

"அது பாறை மாமா. இது மேல்தோலு. எங்க தட்டினாலும் கல்லு மாதிரி சத்தம் வரும், பாருங்க." ஒரு நாணயத்தை எடுத்துச் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிக்காட்டினாள். எங்கேயும் பொள்ளல் சத்தம் வரவில்லை. பூச்சு நன்றாகத்தான் பிடித்திருந்தது.

துரை மசியவில்லை. விரிசலில் இரண்டு ஜாதி உண்டு என்றார். செத்த விரிசல், உயிருள்ள விரிசல். செத்தது அப்படியே கிடக்கும். உயிருள்ளது உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. சுரங்கத்தில் அதற்குக் கண்ணாடி வைப்பார்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பொட்டு வைத்து ஒட்டிவிடுவது. விரிசல் நகர்ந்தால் கண்ணாடி படக்கென்று உடையும்.

"வையுங்க. மூணு வையுங்க" என்றாள் பாக்கியவதி. அப்போது அங்கே ஏகநாதன் இருந்தார், ரூபா இருந்தாள், டீ கொண்டுவந்த பாபுவும் போகாமல் நின்றிருந்தான். இதுதான் சமயம் என்று அவளுக்குத் தோன்றியது. "ஆனா ஒண்ணு. உடையலன்னா நீங்க பாபு கடையில உக்காந்து, நம்ம பாக்கியம் மேஸ்திரின்னு வாயால சொல்லணும்."

துரை கடைப் பக்கம் போனார். ஏகநாதனின் கடையில் படத்துக்கு வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளில் மெல்லியதாக மூன்று பொறுக்கினார். இரண்டை வளைந்து நெளிந்து போகும் மயிரிழை விரிசல்களில் வைத்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தவர், நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினார். அங்கேயும் ஒரு கோடு இருந்தது. மற்றதைவிட மெல்லியது. கண்ணுக்கே சரியாகத் தெரியாதது.

"இது தேறாத விரிசல் மாமா. பெருசா ஒண்ண பாத்து வையுங்க" என்று பாக்கியவதி சிரித்தாள்.

"பெருசு எதுக்குமா. இது நேரா போவுது" என்றார் துரை.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் பெங்களூரில் மல்லேஸ்வரத்தில் வேலை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ரூபா போன் செய்தாள். "அக்கா, கோவிச்சிக்காத. ஒண்ணு உடைஞ்சிடுச்சி."

எது என்று பாக்கியவதி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. டப்பாவை மூடிவிட்டு, ஆட்களில் மூத்தவளான கங்கம்மாவிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, கிடைத்த ரயிலில் ஏறினாள். பங்காருப்பேட்டைவரை நின்றுகொண்டே வந்தாள். சுண்ணாம்பு சுருங்கும்போது விடும் விரிசல் நெளியும். வேர் மாதிரி கிளைவிடும். நேராக ஓடாது. நேராக ஓடுவது எப்போதும் பின்னால் உள்ளதன் கோடு. இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பெங்களூரில் முழுச்சுவரும் ஒரே பிளாக். ஆகவே பிளாக்கைக் கொத்திப் பூசினால் போதும். இங்கே பழைய செங்கல்லுக்கு நடுவில் பிளாக். வெயிலில் அது ஒரு அளவு பெருகும், இது ஒரு அளவு பெருகும். இரண்டுக்கும் நடுவில் பிடிப்பே இல்லாமல் யாரோ அவசரத்தில் சொருகி வைத்த அடைப்பு. அதன் மேல் அவள் அழகாகப் பூசிவிட்டாள். பழகின கை, பழகின வேலை, பழகின திமிர்.

ஸ்டுடியோவில் கூட்டம். துரையும் இருந்தார். வளைந்த விரிசல்களின் மேல் இரண்டு கண்ணாடியும் ஈ உட்கார்ந்தால் வழுக்கிவிடும்போல அப்படியே இருந்தன. நடுவில் இருந்தது மட்டும் குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது.

"பட்டிக்காரன நாளைக்கே வரச் சொல்லிட்டேன்" என்றார் ஏகநாதன். பாபு வாசலில் நின்று பாக்கியவதியின் முகத்தையே பார்த்தான். டீக்கடைக்கு எடுத்துப்போக அவனுக்கு ஒரு முகம் தேவையாக இருந்தது.

அவள் சுவரிடம் போனாள். உடைந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"மாமா சொன்னது சரி. இது உயிரோட கீது. தப்பு என்னுது. கதவ அடைச்ச பிளாக்க பாத்தும் மேல பூசினேன். பட்டி அடிச்சாலும் இது விடும், எமல்ஷன் அடிச்சாலும் விடும், பனிமலை ஒட்டினாதான் தெரியாது. மத்த விரிசல் ரெண்டும் செத்த விரிசல். கண்ணாடி அங்க நிக்குது, யாரு வேணா வந்து பாத்துக்கலாம். நாளைக்கு இந்தக் கதவ திறக்கிறேன். செங்கல்லு வச்சி, பழைய சுவத்தோட பல்லு கோத்து அடைச்சி, மறுபடி பூசறேன். பவ்யா கல்யாணத்துக்கு முன்னாடி சுவர் ரெடி."

"முடியுமாக்கா?" என்றாள் ரூபா.

"நான் எப்ப ரூபா முடியாதுன்னு சொல்லிக்கிறேன்?"

கூட்டம் கலைந்தது. ஒரு பொம்பளை தப்பை ஒத்துக்கொண்டு அழாமல் நின்றால் அதில் பார்க்க என்ன இருக்கிறது. துரை மட்டும் போகவில்லை. "லிண்டல் மேல இருக்குதா?" என்று கேட்டார். இருந்தது. கதவு நிலைக்கு மேலே பழைய கல் உத்தரம் அப்படியே இருந்தது. "அப்போ எடுக்கலாம். ஆனா முட்டுக்கொடுத்துட்டு எடு. நான் வரேன்."

மறுநாள் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு மரத்தூண்களையும் ஆப்புக் கட்டைகளையும் அவரே சுமந்துகொண்டு வந்தார். உத்தரத்துக்குக் கீழே நிறுத்தி, ஆப்பு வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு. காதை மரத்தில் வைத்துக் கேட்டார். இன்னொரு தட்டு. பாக்கியவதியின் ஆட்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா பாக்கறீங்க? உங்க மேஸ்தி..." என்று ஏதோ சொல்லவந்தவர், இருமிவிட்டு நிறுத்திக்கொண்டார். பாக்கியவதி கேட்காத மாதிரி இருந்தாள்.

பிளாக்கைப் பெயர்த்தெடுத்துவிட்டு, பாலகாட் சுரங்கப் பக்கம் இடிந்த குவார்ட்டர்ஸ் ஒன்றின் பழைய செங்கல்லைக் கொண்டுவந்தார்கள். சுவரோடு சுவராக இருக்க வேண்டுமானால் அதே வயசு, அதே மண்ணுச் செங்கல் வேண்டும். பழைய சுவரின் ஓரத்தில் வரிசை விட்டு வரிசை கல்லை உருவி, கொண்டுவந்த கல்லை உள்ளே விட்டுப் பல் கோத்தார்கள். சுண்ணாம்போடு செங்கல் பொடியான சுர்க்கியைக் கலந்து கட்டினாள். அது சேர்ந்தால் சீக்கிரம் இறுகும். முதல் பூச்சில் சணல் நாரைப் பொடியாக நறுக்கிப் போட்டாள். ஒவ்வொரு பூச்சுக்கும் காய நாள் விட்டாள். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் ஊரே பார்த்துவிட்டதே.

கடைசிப் பூச்சு முடிந்தது. கதவு இருந்த இடம் மட்டும் மற்ற சுவரைவிட ஒரு சாயல் கூடுதல் பழுப்பாகத் தெரிந்தது. சுண்ணாம்பு வேறு நாளில் பூசினால் வேறு நிறம்தான். எத்தனை கெட்டிக்காரக் கை ஆனாலும் அதை மாற்ற முடியாது. ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து மறைக்கலாம் என்று அவள் ஆட்களில் ஒருவன் சொன்னான். "மறைக்காத. கதவு இருந்துச்சி, இப்ப இல்ல. அது தெரிஞ்சா இன்னா" என்றாள்.

பழைய இரண்டையும் எடுத்துவிட்டு, நேர்க்கோடு ஓடிய அதே இடத்தில் துரை இன்னொரு கண்ணாடி வைத்தார். இந்த முறை யாரும் பந்தயம் கட்டவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். ஆவணி வெயிலும் அடித்தது, ஒருநாள் மழையும் கொட்டியது. சந்தில் ஜல்லி லாரிகளும் போயின. கண்ணாடி அசையவில்லை.

பவ்யா பட்டுப்புடவையில் வந்து இறங்கிய அன்றைக்கு ஸ்டுடியோவில் நிற்க இடமில்லை. ரூபா முதலில் விளக்கை நேர் எதிரே வைத்து ஒரு படம் எடுத்தாள். திரையைப் பார்த்ததும் பாக்கியவதிக்கே திக்கென்றது. அவ்வளவு பாடுபட்ட சுவர் வெறும் அட்டை மாதிரி தட்டையாக இருந்தது. ரூபா சிரித்தாள். "இரு அக்கா, சுவர் உன் வேலை, வெளிச்சம் என் வேலை." விளக்கை நகர்த்திச் சுவரின் ஓரத்துக்குக் கொண்டுபோய், சுவரை உரசினாற்போல வெளிச்சம் விடும்படி திருப்பினாள். கரணை போன ஒவ்வொரு வளைவும் மெதுவாக எழுந்தது. விரிசல்கள் கோலத்தின் கோடுகள்போல மெல்ல ஓடின. நடுவில் கதவின் வடிவம் பழுப்பாகத் தெரிந்தது. பவ்யாவும் மாப்பிள்ளையும் அதன் நடுவில் நின்றபோது, புது வீட்டு வாசலில் கால் எடுத்து வைப்பவர்கள்போல இருந்தார்கள். பவ்யா திரையைப் பார்த்தாள். ரூபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் சரி, அந்தக் கண்ணாடி தெரியுது பாரு" என்றார் ஏகநாதன். பவ்யாவின் தோளுக்குப் பக்கத்தில் துரை வைத்த துண்டு பளிச்சென்று மின்னியது. ஏகநாதன் கத்தியை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போனார்.

"தொடாத ஏகநாதா!"

துரை குரல்தான். சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டின் மணிக்கு மேலே கேட்ட குரல், இந்தச் சின்ன அறையில் எல்லோரையும் நிறுத்தியது. டீ தட்டோடு நின்ற பாபுவும் திரும்பினான்.

"அது வேலை நடக்கற சுவரு. மேஸ்திரி சொல்லாம எவனும் கை வைக்கக் கூடாது." பிறகு மருமகள் பக்கம் திரும்பி, இத்தனை வருஷமாக அப்படியேதான் கூப்பிட்டு வந்தவர்போலக் கேட்டார்: "இன்னா மேஸ்திரி, எடுக்கலாமா?"

பாக்கியவதி கண்ணாடியைப் பார்த்தாள். பந்தயத்தில் அவள் தோற்றிருந்தாள். அதனால் இது பந்தயத்துக்காகச் சொன்னது இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் கண் கலங்கினால் பாபுவுக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சுக் கிடைத்துவிடும்.

"எடுக்கலாம் மாமா. செத்துடுச்சி" என்றாள்.

கரணையின் முனையால் அவளே நெம்பினாள். கண்ணாடி முழுசாகக் கையில் வந்தது. சிமெண்ட் பொட்டு பெயர்ந்த இரண்டு இடத்திலும், மூலையில் வைத்திருந்த வாளியிலிருந்து சுண்ணாம்பைக் கட்டை விரலால் எடுத்துத் தடவினாள். ஈரமாக இருந்ததால் அந்த இரண்டு விரல் அடையாளமும் கருத்துத் தெரிந்தன. காயும்வரை காத்திருக்கலாமா என்று ரூபா கேட்டாள்.

"வேணாம், இப்பவே எடு" என்றாள் பாக்கியவதி மேஸ்திரி.